குறுந்தொகை 25: யாரும் இல்லாத இடத்தில் நின்ற குருகு

"ஐயா, வகுப்பில் கொடுத்த தாளை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார்கள், எழுத்து மங்கலாக இருக்கிறது. குறுந்தொகை 25ஆம் பாட்டு. நான்காவது வரி சின்னதாக நிற்கிறதே, ஒரு சொல் விழுந்துவிட்டதா? 'முண்டுதான்' என்றால் என்ன? முதலில் யாரும் இல்லை என்கிறாள், கடைசியில் குருகு இருந்தது என்கிறாள். அந்தக் குருகின் காலைப் பற்றி எதற்குப் பேசுகிறாள்? பரீட்சைக்கு இந்தப் பாட்டு இருக்கிறது."

தம்பி, முதலில் பாட்டைச் சரியாக எழுதிக்கொள்வோம். உன் தாளில் இருப்பது பழைய பதிப்புகளில் அச்சான முறை:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே.

இதில் இடைவெளிகள் சொல்லுக்குச் சொல் விடப்பட்டவை அல்ல, சீருக்குச் சீர் விடப்பட்டவை. அதனால் ஒரு சொல் நடுவில் உடைந்து, அதன் மீதி அடுத்த சீரோடு ஒட்டிக்கொள்கிறது. நீ கேட்ட 'முண்டுதான்' அப்படி வந்ததுதான். 'குருகும் உண்டு தான்' என்ற மூன்று சொற்களில் முதல் சொல்லின் கடைசி மெய் 'உண்டு' மேல் ஏறி, 'குருகு முண்டுதான்' ஆகிவிட்டது. இந்தத் 'தான்' இரண்டாம் அடியில் 'தான் அது பொய்ப்பின்' என்று வரும் அதே 'தான்'. தலைவனைக் குறிக்கிறது. நாம் பேச்சில் 'அவன்தான்' என்று அழுத்திச் சொல்கிறோமே, அந்தத் 'தான்' இல்லை.

சொல் பிரித்தால் இப்படி வரும்:

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின், யான் எவன் செய்கு ஓ?
தினைத் தாள் அன்ன சிறு பசுங் கால,
ஒழுகு நீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

மங்கிய நகலில் இரண்டு இடங்களில் கண் ஏமாறும். 'ராரல்' என்பதில் ர, துணைக்கால், மறுபடி ர என்று ஒரே மாதிரிக் கோடுகள் வரிசையாக நிற்பதால் எது எழுத்து, எது கால் என்று தெரியாமல் போகும். அது 'நீர் ஆரல்'. 'கள்வன்' என்பதில் ளகரத்தின் மேலுள்ள புள்ளி மறைந்தால் 'களவன்' போலத் தெரியும். கள்வன் என்றே படி.

நான்காம் அடியில் ஒன்றும் விழவில்லை. எண்ணிப் பார். முதல் மூன்று அடிகளிலும் கடைசி அடியிலும் நான்கு நான்கு சீர்கள். நான்காவதில் மட்டும் 'ஒழுகுநீ', 'ராரல்', 'பார்க்கும்' என்று மூன்று. கடைசி அடிக்கு முந்தைய அடி மூன்று சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் இந்த யாப்பில்தான் இருக்கின்றன. ஆகவே கடைசிக்கு முந்தைய வரி குட்டையாக இருந்தால் சந்தேகப்படாதே. வேறு எந்த வரியாவது குட்டையாக இருந்தால்தான் நகலில் ஏதோ போய்விட்டது என்று பொருள்.

இனி பாட்டுக்கு வருவோம். பேசுகிறவள் தலைவி, கேட்கிறவள் தோழி. தலைவனும் தலைவியும் ஊரார் அறியாமல் சந்தித்து, மனமொத்துச் சேர்ந்திருக்கிறார்கள். இது களவு. மணந்துகொள்கிறேன் என்று சொல்லிப் போனவன் நாளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறான். வரைவு என்றால் திருமணம். அது தள்ளிப் போவதால், 'வரைவு நீட்டித்த இடத்துத் தலைவி தோழிக்குச் சொல்லியது' என்று துறை வகுத்திருக்கிறார்கள். கடைசி அடியில் வரும் 'மணந்த' என்ற சொல்லைப் பார்த்துத் திருமணம் முடிந்துவிட்டதாக எழுதிவிடாதே. 'தான் மணந்த ஞான்று' என்பது களவில் கூடிய அந்தப் பொழுதைச் சொல்கிறது. திருமணம் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் அவள் கவலை.

உரைநடையில் சொன்னால்: "அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை. இருந்தவன் அவன் ஒருவன்தான், அவனே கள்வன். அன்று சொன்ன சொல்லை அவன் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப்போல மெலிந்த, பசிய கால்களை உடைய ஒரு குருகும் இருந்தது. ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருந்தது."

மூன்றாம் அடியின் முடிவில் உள்ள 'கால' என்பதைக் 'காலம்' என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதற்குக் 'கால்களை உடைய' என்று பொருள். அடுத்த அடியில் ஆரல் வருவதால் கால் ஆரலுடையது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது, ஆரல் மீன். கால் போய்ச் சேர்வது ஐந்தாம் அடியில் நிற்கும் குருகிடம். 'தாள்' என்பது இங்கே தினைப்பயிரின் தண்டு.

'யாரும் இல்லை' என்றவள் 'குருகும் உண்டு' என்கிறாளே, முரண் இல்லையா என்று கேட்டாய். மிகச் சரியான இடத்தில் நின்று கேட்டிருக்கிறாய், பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இலக்கணப்படி முரண் இல்லை. 'யார்' என்பது மனிதரைக் குறித்துக் கேட்கும் உயர்திணைச் சொல், குருகு அஃறிணை. ஆள் ஒருவரும் இல்லை, பறவை ஒன்று இருந்தது. ஆனால் அதோடு விடை முடிந்துவிடாது. ஆள் இல்லை என்று சொன்ன பிறகும் அந்தப் பறவையை ஏன் அவள் கணக்கில் சேர்க்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

அவளுக்கு ஒரு சாட்சி வேண்டும். சங்கப் பாடல்களில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். கரி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அகநானூறு 256ஆம் பாட்டில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. கள்ளூர் என்ற ஊரில் ஒருவன் ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, அவளை அறியவே மாட்டேன் என்று பொய்ச் சூள் உரைக்கிறான். அவையோர் அறிந்த சாட்சிகளை விசாரித்து உண்மையைக் கண்டுகொள்கிறார்கள். அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்து, தலையில் நீற்றைக் கொட்டித் தண்டிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கரி கிடைத்தது. நம் தலைவிக்கு யார் கரி? இருந்த ஒரே ஆள் அவன்தான், அவனே கள்வன். திருட்டைக் கண்டவனும் திருடியவனும் ஒருவனேயானால் வழக்கை எங்கே கொண்டுபோவது? 'தானே கள்வன்' என்பதன் கனம் இதுதான். அவனைத் திட்டுவதற்காக மட்டும் அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

பொய்க்கும் ஆண்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதைத் தொல்காப்பியமே சொல்கிறது. "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று கற்பியலில் ஒரு நூற்பா வருகிறது. சொல்லைப் பொய்யாக்குவதும் ஒழுக்கம் தவறுவதும் தோன்றிய பிறகுதான் பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்பது இதன் பொருள். 'தான் அது பொய்ப்பின்' என்று அவள் அஞ்சும்போது, அந்த அச்சத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது.

இப்படிச் சாட்சி தேடி மனம் அலையும்போதுதான் குருகு நினைவுக்கு வருகிறது. அது வாய் பேசாத பறவை, வந்து சொல்லாது. இந்தப் பாட்டைப் பாடிய கபிலர் இதோடு நிறுத்தியிருந்தால் சாதாரணமான பாட்டாகப் போயிருக்கும். அவர் இன்னொரு அடி வைக்கிறார். அந்தக் குருகு அவர்களைப் பார்க்கவே இல்லை. ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரல் எப்படிப்பட்ட மீன் என்று தெரிந்தால் இந்த அடி இன்னும் விளங்கும். பாம்புபோல ஒல்லியாக நீண்டிருக்கும். நீரின் அடியிலுள்ள சேற்றிலும் மணலிலும் புதைந்து கிடக்கும் பழக்கம் உடையது. அது வெளியே நெளியும் அந்த ஒரு நொடியில்தான் பிடிக்க முடியும். நீரும் தேங்கிய நீர் இல்லை, 'ஒழுகு நீர்', ஓடிக்கொண்டே இருப்பது. ஓடும் நீரில், அடியில் பதுங்கும் மீனுக்காகக் காத்திருக்கும் பறவை கண்ணை அப்படி இப்படித் திருப்ப முடியாது. அதன் பக்கத்தில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. ஆரலுக்குப் பதில் வேறு ஏதோ ஒரு மீனையும், ஒழுகுநீருக்குப் பதில் குளத்தையும் வைத்தால் இந்தக் கட்டாயம் தளர்ந்துவிடும்.

குருகு என்பது கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்கிய பெயர். மடையான் என்றும் குருட்டுக்கொக்கு என்றும் சொல்கிறோமே, அந்தக் கொக்கின் கால் மெலிந்து, பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும். கபிலர் கண்டது அதுவே என்று நிறுவ முடியாது. ஆனால் 'சிறு பசுங் கால்' எப்படி இருக்கும் என்று மனத்தில் காண அதை ஒருமுறை கூர்ந்து பார். ஆள் கிட்டே வரும்வரை அசையாமல் நிற்கும்.

இப்போது காலுக்கு வருவோம். 'தினைத்தாள் அன்ன' என்பது வெளிப்படையான உவமை. குருகின் கால் பொருள், தினைத்தாள் உவமை, மெலிவும் பசுமையும் இரண்டுக்கும் பொதுத்தன்மை, 'அன்ன' உவம உருபு. பரீட்சையில் உவமையை விளக்கு என்றால் இதை எழுது. இந்த உவமை யார் வாயில் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார். குறிஞ்சி நிலத்துப் பெண்கள் தினைப்புனத்தில் கிளி ஓட்டிக் காவல் இருப்பார்கள். தலைவனைச் சந்திக்கும் வாய்ப்பும் அந்தக் காவல் நாட்களில்தான். தினை அறுத்தபின் அவள் வீட்டோடு இருந்துவிட வேண்டும். ஒரு பறவையின் காலைப் பார்த்தாலும் அவளுக்குத் தினைத்தாள் தோன்றுகிறது என்றால், அவள் வாழும் இடமும் அந்தச் சந்திப்பு நடந்த சூழலும் உவமைக்குள்ளேயே வந்துவிடுகின்றன.

குருகும் மீனும் மருத நிலத்துக்கோ நெய்தலுக்கோ உரியவை அல்லவா, பாட்டு எப்படிக் குறிஞ்சி ஆகும் என்று ஆசிரியர் கேட்கக்கூடும். பூவும் பறவையும் தமக்கு உரிய நிலத்தை விட்டு வேறு நிலத்தில் வந்தால், வந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்று தொல்காப்பியம் வழி விட்டிருக்கிறது: "எந்நில மருங்கிற் பூவும் புள்ளும் அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும் வந்த நிலத்தின் பயத்த ஆகும்." கூடலும் அதைச் சார்ந்த நினைவும் பாட்டின் பொருளாக இருப்பதால் திணை குறிஞ்சி. பாடியவர் கபிலர், குறிஞ்சிப்பாட்டு எழுதியவர். குறிஞ்சித் திணையில் அவருக்கு இருந்த தேர்ச்சி புகழ்பெற்றது.

இங்கே மாணவர்கள் அதிகம் தடுமாறும் ஓர் இடம் உண்டு. குருகு ஆரலுக்குக் காத்திருப்பதில் தலைவனின் சாயல் தெரிகிறது. அசையாமல், வேறு எதையும் பாராமல், தனக்கு வேண்டியதைக் கொத்தக் காத்திருக்கும் பறவை ஒரு பக்கம். விரும்பியதை அடைந்த பிறகு சொல்லை மறந்தவனாகிவிடுவானோ என்று அவள் அஞ்சும் தலைவன் இன்னொரு பக்கம். அப்படிப் பார்த்தால் ஆரல் அவளே ஆகிறாள். இப்படி வெளியே சொல்லாமல் கருப்பொருள் வழியாக இன்னொரு பொருளை உணர்த்துவதை உள்ளுறை என்பார்கள். இந்தக் குறிப்பு பாட்டுக்குப் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் 'தலைவன் குருகைப் போன்றவன் என்று தலைவி கூறுகிறாள்' என்று எழுதினால் தவறு. அவள் அப்படிக் கூறவில்லை. 'குறிப்பால் உணரலாம்' என்று எழுது. 'அன்ன' என்ற உருபு காலோடு நின்றுவிடுகிறது, குருகையும் தலைவனையும் அது இணைக்கவில்லை.

அதேபோல 'குருகு சாட்சியாக இருந்தது, ஆகவே தலைவி ஆறுதல் அடைகிறாள்' என்று எழுதுவதும் பாட்டுக்கு எதிரானது. சாட்சி என்று எண்ணிப் பார்க்க ஒரு பறவைதான் கிடைத்தது, அதுவும் பார்க்கவில்லை என்பதில் அவள் துயரம் கூடுகிறது. 'குருகும்' என்பதன் உம்மையில் அந்தத் தொனி இருக்கிறது.

பாட்டில் சொற்கள் அடுக்கப்பட்ட ஒழுங்கையும் கவனி. 'தான்' மூன்று முறை வருகிறது: 'தானே கள்வன்', 'தான் அது பொய்ப்பின்', 'தான் மணந்த'. 'யான்' ஒரே முறை, அதுவும் 'யான் எவன் செய்கோ' என்ற விடையில்லாத கேள்வியில். செயல்கள் எல்லாம் அவன் பக்கம் இருக்கின்றன. அவன் கள்வன், அவன் பொய்ப்பான், அவன் மணந்தான். அவள் பக்கம் இருப்பது 'என்ன செய்வேன்' மட்டும். பெயரும் வரவில்லை. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லும் மரபில்லை. அதனால் இந்தத் 'தான்' எந்த ஒருவனுக்கும் பொருந்தி நிற்கிறது.

'தான் மணந்த ஞான்று' என்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய செய்தி. எப்போது யாரும் இல்லை? அவன் கூடிய அன்று. பொருள் கொள்ளும்போது இதை எடுத்து முதலில் வைத்துக்கொள். அவளோ அதைக் கடைசிவரை சொல்லாமல் வைத்திருக்கிறாள். முதலில் அச்சம் வருகிறது, பிறகு கேள்வி, பிறகு குருகு, அதன் கால், நீர், மீன். எல்லாம் சொன்ன பிறகுதான் அந்த நாள் வாய்க்கு வருகிறது. தோழியிடம்கூட எடுத்தவுடன் சொல்ல முடியாத செய்தி அது.

நீ காலைப் பற்றிக் கேட்டதற்கு இன்னொரு விடையும் எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு, உரைகளில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அன்று கரையில் நின்ற ஒரு பறவையின் கால் எவ்வளவு மெலிந்தது, என்ன நிறம், அது எந்த மீனைப் பார்த்தது, நீர் ஓடியதா தேங்கியதா என்பதெல்லாம் இவளுக்கு நினைவிருக்கிறது. இட்டுக்கட்டிச் சொல்கிறவளுக்கு இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. குருகு அவர்களைப் பார்க்கவில்லை, அவள் குருகைப் பார்த்திருக்கிறாள். அன்று நடந்தது உண்மை என்பதற்கு அவளிடம் இருப்பது இந்தத் துல்லியமான நினைவு ஒன்றுதான். அவையில் அது செல்லாது, தோழிக்குப் போதும். இனி தலைவனை நெருக்கி மணத்துக்கு வழி தேட வேண்டியவள் தோழிதானே.

பரீட்சையில் 'பாடலின் நயத்தை விளக்குக' என்று கேட்டால் கடைசியாகச் சொன்னதை உன் கருத்தாக ஓரிரு வரியில் சேர்த்துக்கொள். 'பொருள் கூறுக' என்று மட்டும் கேட்டால் வேண்டாம். அங்கே கூற்று, துறை, நேர்ப்பொருள், தினைத்தாள் உவமை ஆகியவை போதும். பாட்டை அடி மாறாமல் எழுதச் சொன்னால் நான்காம் அடியை மூன்று சீரோடு நிறுத்து.